அவசரம் யாருக்கு?

சிதறால் மலையடிவாரத்தில் ரப்பர்த் தோட்டம் வைத்திருக்கும் என் நண்பர் பக்கத்து விளையை விலைபேசினார். பத்திரம் பதியும் நாள் காலையில்தான் விற்பவரின் கணக்கைத் தம் கைப்பேசியில் சேர்த்தார். உடனே 6 லட்ச ரூபாய் அனுப்பினார். வங்கி மறுத்தது. இரண்டாகப் பிரித்து அனுப்பினார், அதற்கும் மறுப்பே.

"என் பணத்தை நான் கொடுக்க இவர்களுக்கு என்ன தடை, அண்ணாச்சி?" என்று பொரிந்தார்.

நியாயமான கேள்விதான். ஆனால் மறைச்சொல்லைத் திருடியவன் என்ன செய்வான்? அவனும் புதுக் கணக்கொன்றைச் சேர்ப்பான். உடனே பெருந்தொகையை அனுப்புவான். வங்கியின் கண்ணுக்கு இருவரும் ஒன்றே. ஒரே வேற்றுமை, திருடனால் காத்திருக்க முடியாது. ஆகவேதான் புதுக் கணக்குக்குச் சில மணி நேரமோ, ஒரு நாளோ, வங்கிக்குத் தக்கபடி, சிறு தொகை மட்டும் போகும். அல்லது ஒன்றும் போகாது. கணக்குச் சேர்ந்த செய்தி உடையவருக்கு வரும். "நான் சேர்க்கவில்லையே!" என்று அவர் கூவுவதற்கே அந்த அவகாசம். நாள் வரம்பு வேறு. அது அன்றைய மொத்தத்தைக் கூட்டிப் பார்க்கும். பிரித்து அனுப்பினால் ஏமாறாது.

நண்பர் கிளைக்கே போய்க் காசோலையும் படிவமும் கொடுத்தார். 2 லட்சத்துக்குக் குறையாத தொகைகளுக்கான ஆர்.டி.ஜி.எஸ். வழியில் பணம் அரை மணியில் சேர்ந்தது. கைப்பேசியின் வரம்பு அங்கே குறுக்கிடவில்லை.

கைப்பேசியிலேயே அனுப்ப விரும்புகிறவர் முதலில் தம் நாள் வரம்பைப் பார்க்கட்டும். இரண்டு நாள் முன்பே கணக்கைச் சேர்த்து, ஒரு ரூபாய் அனுப்பி, வந்ததா என்று விற்பவரைக் கேட்டுக்கொள்ளட்டும்.