தொல்காப்பியமும் தலைப்பு நிலைகளும்

தொல்காப்பியத்தில் 3 அதிகாரங்கள். ஒவ்வொன்றிலும் 9 இயல்கள். அச்சு நூலில் இவ்வடுக்கு கண்ணுக்குத் தெரிகிறது. வலைப்பக்கத்தில் அது செவிக்கும் எட்ட வேண்டுமாயின், எழுத்தைத் தடிப்பாக்கினால் போதாது. தலைப்புக் குறியீடே வேண்டும்.

```
<h1>தொல்காப்பியம்</h1>
<h2>சொல்லதிகாரம்</h2>
<h3>கிளவியாக்கம்</h3>
```

தேவராவில் என்னுடன் ஆய்வு செய்யும் பார்வையற்ற நண்பர் என்விடிஏ என்னும் திரைவாசிப்பானைக் கொண்டு படிப்பவர். நூல் முழுவதும் இவ்வாறு குறிக்கப்பட்ட பக்கத்தில் 2 என்ற விசையை இருமுறை அழுத்திச் சொல்லதிகாரத்தை அடைவார். பின்னர் 3 என்ற விசையை இருமுறை அழுத்தினால் வேற்றுமையியல். நான்கே அழுத்தங்கள். எழுத்து சிறிதாகத் தெரியட்டும் என்று வடிவமைப்பாளர் இயல்களுக்கு `h4` இட்டுவிட்டாலோ, 3 என்ற விசைக்கு அந்நிலையில் தலைப்பு இல்லை என்ற விடையே கிடைக்கும். பக்கத்தில் இயல்களே இல்லை என்று அவர் கருதிவிடக்கூடும். (எழுத்தின் அளவை மாற்றச் சி.எஸ்.எஸ். இருக்கிறதே!)

தலைப்புகளுக்கு முன்னே நிற்கும் நீண்ட மெனுவைக் கடப்பது வேறு சிக்கல். D விசை பக்கத்தின் பெரும்பகுதிகள்தோறும் தாவும்; `main` எனக் குறித்த பகுதி இருந்தால் அதனையும் அடையும். திரைவாசிப்பான் இன்றி விசைப்பலகையை மட்டும் நம்புவோருக்கும் உதவுவது "உள்ளடக்கத்துக்குச் செல்க" என்னும் இணைப்பு. அது முதல் Tab அழுத்தத்திலேயே கிட்ட வேண்டும். அதில் Enter அழுத்தியபின் மீண்டும் Tab அழுத்திப் பாருங்கள். மெனுவுக்கே திரும்பினால், இணைப்பு சுட்டும் `id` பக்கத்தில் உள்ளதா என்று முதலில் தேடுங்கள். அழகு கெடுகிறதென்று அவ்விணைப்பை `display:none` கொண்டு மறைப்போரும் உளர். அவ்வாறு மறைத்தது Tab விசைக்கும் எட்டாது, திரைவாசிப்பானுக்கும் எட்டாது.