காலனி குழுவில் ஓடிய அந்த டெலிவரி பையன் விவகாரம்

டீச்சர் மறுபடியும் நீளமாக எழுத ஆரம்பித்துவிட்டாள் என்று ஓடிவிடாதீர்கள். எங்கள் காலனி குழுவில் போன சனிக்கிழமை ராத்திரி ஒரு அக்கா போட்ட பதிவை உங்களில் சிலரும் பார்த்திருப்பீர்கள். இரண்டு நாளில் அறுபது எழுபது பேர் கருத்துச் சொல்லிவிட்டார்கள். அங்கே இரண்டு வரியில் பதில் எழுதினால் ஏதோ ஒரு பக்கம் சாய்ந்ததாக ஆகிவிடும். அதனால் இங்கே எழுதுகிறேன்.

நடந்தது இதுதான். அக்காவுக்கு முட்டிவலி, அன்று அடுப்பங்கரையில் நிற்க முடியவில்லை. காளவாசல் பக்கம் ஒரு ஓட்டலில் இட்லியும் இடியாப்பமும் ஆர்டர் போட்டிருக்கிறார். முப்பத்தைந்து நிமிடம் என்று காட்டியது, வந்து சேர ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகிவிட்டது. வந்த பையன் கேட்டுக்கு வெளியே தரையில் பையை வைத்துவிட்டு, "போனை எடுக்க முடியாதா? சமைக்க முடியலைன்னா பட்டினி கிடக்க வேண்டியதுதானே" என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறான். சாம்பார் பொட்டலம் சரிந்து பை முழுக்கக் கொட்டிவிட்டது.

பதிவில் அக்கா எழுதாத ஒன்றையும் என்னிடம் சொன்னார். வீட்டுக்காரருக்குச் சர்க்கரை. இரவுச் சாப்பாட்டுக்கு முன்னால் இன்சுலின் போட்டுக்கொள்வார். ஆப் எட்டு நாற்பதுக்கு வரும் என்று காட்டியதை நம்பி எட்டரைக்கே ஊசியைப் போட்டுவிட்டார்கள். ஒன்பது மணிக்கெல்லாம் அவருக்கு வியர்த்துக் கொட்டிக் கை நடுங்க ஆரம்பித்துவிட்டது. சீனியைக் கரைத்துக் கொடுத்துச் சமாளித்திருக்கிறார். அந்தப் பதற்றத்தில் இருந்தவரிடம்தான் அவன் பட்டினி கிடக்கச் சொன்னான். அக்காவின் கோபத்தில் எனக்கு ஒரு இம்மியும் குறை தெரியவில்லை. அம்மா வயதுப் பெண்ணிடம் யார் அப்படிப் பேசினாலும் தப்புதான். என்ன காரணம் சொன்னாலும் அந்த வாக்கியம் சரியாகிவிடாது.

ஆனால் கருத்துப் பகுதியில் அவன் படத்தையும் வண்டி நம்பரையும் ஒருவர் போட்டார். "இவனுங்க எல்லாருமே இப்படித்தான்" என்று இன்னொருவர். எதிர்ப்பக்கம் இருந்து "பாவம் ஏழைப் பையன், விட்டுடுங்க" என்றும் சிலர். முப்பத்திரண்டு வருஷம் கணக்குச் சொல்லிக்கொடுத்தவளுக்கு ஒரே ஒரு உதாரணத்தை வைத்து "எல்லாரும்" என்று முடிப்பதைப் பார்த்தால் கை பரபரக்கும். "பாவம், விட்டுடுங்க" என்பதும் எனக்குப் பிடிக்கவில்லை. ஏழை என்றால் மரியாதை தெரியாது என்று சொல்வது போல இருக்கிறது அது.

ஞாயிற்றுக்கிழமை என் பழைய மாணவன் ஒருவன் வீட்டுக்கு வந்தான். பகலில் ஒரு லேத் பட்டறை, சாயங்காலம் ஆறரையில் இருந்து சாப்பாடு டெலிவரி. பதிவைக் காட்டினேன். முழுக்கப் படித்துவிட்டு, "அவன் பேசினது தப்புதான் டீச்சர், நான் நியாயம் சொல்ல வரலை" என்றுதான் ஆரம்பித்தான். பிறகு ஒரு கேள்வி கேட்டான். "அந்த அம்மாவோட லொகேஷன் சரியா இருக்கான்னு பார்த்தீங்களா?"

எனக்குப் புரியவில்லை. கதவு எண், தெருப் பெயர் எல்லாம்தான் எழுதியிருக்கிறதே என்றேன். அப்போதுதான் விளக்கினான். நாம் எழுதும் முகவரி வேறு, வரைபடத்தில் குத்தி நிற்கும் புள்ளி வேறு. வண்டி ஓட்டுகிறவனுக்கு ஆப் வழி காட்டுவது அந்தப் புள்ளிக்குத்தான், எழுத்துக்கு இல்லை. புள்ளிக்குப் போய்ச் சேர்ந்த பிறகுதான் எழுத்தைப் படித்து வீட்டைத் தேடுவான். முகவரியை முதன்முதலில் சேமித்தபோது போன் எந்த இடத்தைப் பிடித்ததோ அதுவே புள்ளி. வீட்டுக்குள் கான்கிரீட் கூரைக்கு அடியில் இருந்து சேமித்தால் அது நாலு வீடு தள்ளிக்கூட விழும்.

திங்கட்கிழமை காலை அக்கா வீட்டுக்குப் போனேன். போனை வாங்கி இருவரும் சேர்ந்து பார்த்தோம். புள்ளி வீட்டின் மேல் இல்லை. பின்பக்கம் ஓடும் வாய்க்காலுக்கு அந்தக் கரையில் இருந்தது. கோடு போட்டால் நாற்பது மீட்டர்கூட இருக்காது. ஆனால் அந்தக் கரையில் நிற்கிறவன் இந்தக் கரைக்கு வர, திரும்பப் பழங்காநத்தம் பக்கம் போய்ப் பாலம் ஏறி, எங்கள் மூன்று குறுக்குத் தெருவையும் தாண்ட வேண்டும். பழைய நம்பர், புது நம்பர் என்று இரண்டும் எழுதிய வீடுகள் எங்கள் தெருவில் எத்தனை என்று உங்களுக்கே தெரியும்.

அவர் போனிலேயே அன்றைய கதை முழுக்க இருந்தது. ஆர்டர் போட்டது எட்டு ஐந்து. பையன் ஓட்டலுக்குப் போய்ச் சேர்ந்ததாக வந்த செய்தி எட்டு இருபத்தைந்து. சாப்பாட்டை எடுத்துக்கொண்டு கிளம்பியது எட்டு ஐம்பது. சனிக்கிழமைக் கூட்டம், இருபத்தைந்து நிமிடம் அவனை ஓட்டல் வாசலில் நிற்க வைத்திருக்கிறார்கள். பைபாஸ் ரோட்டில் வந்து ஒன்பது மணி சுமாருக்கு வாய்க்கால் கரையை அடைந்திருக்க வேண்டும். ஏனென்றால் ஒன்பது மூன்றுக்கும் ஒன்பது ஐந்துக்கும் இரண்டு தவறிய அழைப்புகள் இருந்தன.

"எடுக்கவே இல்லையே அக்கா" என்றேன். "தெரியாத நம்பர் டீச்சர். தெரியாத நம்பரை எடுக்காதே, பணம் போயிடும்னு மகன் படிச்சுப் படிச்சுச் சொல்லியிருக்கானே" என்றார். அவர் சொன்னதும் சரிதான். நம் இரண்டு பேருடைய நம்பரும் மற்றவருக்குத் தெரியக் கூடாது என்பதற்காக ஆப் இடையில் வேறொரு நம்பர் வழியாக அழைப்பைத் திருப்பிவிடுகிறது. நம் பாதுகாப்புக்காகச் செய்ததுதான். ஆனால் நமக்கு அது ஏதோ வெளியூர் நம்பராகத் தெரிகிறது, அவனுக்கோ வேண்டுமென்றே எடுக்காத வீடாகத் தெரிகிறது. மூன்றாவது அழைப்பை எடுத்து "வேப்பமரம் இருக்கிற வீடுப்பா" என்று அடையாளம் சொன்னாராம் அக்கா. அந்தக் கரையில் நிற்கிறவனுக்கு எங்கே தெரியும் வேப்பமரம்! கேட்டுக்கு வந்தது ஒன்பதே கால்.

அந்தப் பதினைந்து நிமிடம் அவனுக்கு என்ன விலை என்று என் மாணவனிடம் கேட்டேன். முந்தின நாள் அவன் ஓட்டிய கணக்கைக் காட்டினான். ஆறரையில் இருந்து பதினொன்று வரை நாலரை மணி நேரம், ஒன்பது ஆர்டர், 297 ரூபாய். போக வர ஐம்பது கிலோமீட்டர் சொச்சம், பெட்ரோலுக்கு 110. கையில் நின்றது 187. மணிக்கு நாற்பத்திரண்டு ரூபாய்கூட வரவில்லை. பத்தாவது ஆர்டரை முடித்திருந்தால் ஊக்கத்தொகை என்று 120 ரூபாய் வந்திருக்கும். ஒன்று குறைந்ததால் அதில் ஒரு பைசாவும் இல்லை. ஓட்டல் வாசலில் நிற்பதற்குச் சில சமயம் சில்லறை சேர்ப்பார்களாம், அது பேருக்குத்தான். எல்லா நாளும் இப்படி இல்லை, மழை நாளில் கூடக் கிடைக்கும் என்றும் நேர்மையாகச் சொன்னான். சனிக்கிழமை ராத்திரி ஒன்பது மணிக்கு, பையில் இன்னொருவர் சாப்பாடும் ஆறிக்கொண்டிருக்க, வாய்க்கால் கரையில் நிற்பவன் மனதில் இந்தக் கணக்குத்தான் ஓடும். "அதுக்காக அப்படிப் பேசணும்னு இல்ல டீச்சர். நானும் தினம் நிக்கிறேன், பல்லைக் கடிச்சுக்கிட்டுத்தான் வர்றேன்" என்றான். இதைவிடச் சரியாக நான் சொல்ல முடியாது.

(இவர்களுக்கென்று தமிழக அரசு 2023-ல் நலவாரியம் அமைத்ததே, பதிந்துவிட்டாயா என்றேன். தலையைச் சொறிந்தான். பள்ளிக்கூடத்தில் வீட்டுப்பாடம் கேட்டால் செய்யும் அதே சொறி. அடுத்த ஞாயிறு ஆதார் அட்டையோடு வரச் சொல்லியிருக்கிறேன்.)

என் குற்றம் ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். போன வருஷம் எனக்கும் ஒருநாள் சாப்பாடு தாமதமாக வந்தது. கொண்டுவந்த பிள்ளை ஒரு வார்த்தை தவறாகப் பேசவில்லை. இருந்தும் கோபத்தில் ஒற்றை நட்சத்திரத்தைக் குத்திவிட்டேன். ஓட்டல் செய்த தாமதத்துக்கான நட்சத்திரம் அது. விழுந்தது அவன் பெயரில். அப்படிச் சேரும் மதிப்பெண்ணும் புகாரும்தான் ஒருநாள் ஐடியை முடக்குகிறது, நம் பக்கம் என்ன நடந்தது என்று பெரும்பாலும் யாரும் கேட்பதில்லை என்று என் மாணவன் சொன்னபோது எனக்குச் சுருக்கென்றது. திருத்தாத விடைத்தாளுக்கு மதிப்பெண் போட்ட மாதிரி ஆகிவிட்டது.

அதனால் அக்காவிடம் புகார் கொடுக்காதீர்கள் என்று நான் சொல்லவில்லை. கொடுங்கள், ஆனால் நடந்ததைப் பிரித்து எழுதுங்கள் என்றேன். அந்த ஆர்டருக்குள்ளேயே போய், உதவி என்று இருக்கும் இடத்தில் மூன்று விஷயமாக எழுதினோம். ஓட்டலில் இருபத்தைந்து நிமிடத் தாமதம், இது ஓட்டலைச் சேர்ந்தது. தரையில் வைத்ததால் சாம்பார் கொட்டியது, படம் இணைத்திருக்கிறோம். பையன் பேசிய வாக்கியம், அவன் சொன்ன அதே சொற்களில். "திமிர்", "ரவுடி" என்று முதலில் எழுதியதை அக்காவே அழித்துவிட்டார். சாம்பாருக்கான பணம் அன்றே திரும்பி வந்தது. பேச்சைப் பற்றி "கவனிக்கிறோம்" என்று வழக்கமான பதில்தான். அவன் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்பது என் எண்ணம், கேட்க வைக்க வழி தெரியவில்லை.

படமும் வண்டி நம்பரும் குழுவில் இருந்து எடுக்கப்பட்டுவிட்டன. போட்டவர் என்னிடம் கொஞ்சம் முறைத்தார், பரவாயில்லை. அந்த வண்டி அவன் அண்ணனுடையதாகவோ அப்பாவுடையதாகவோகூட இருக்கலாம்.

பிறகு அக்காவை வாசலுக்குக் கூட்டிவந்து, வானம் தெரிகிற இடத்தில் நிற்க வைத்துப் புள்ளியை விரலால் நகர்த்தி கேட்டின் மேல் கொண்டுவந்து சேமித்தோம். குறிப்பு எழுதும் இடத்தில் "வாய்க்கால் பாலம் தாண்டி வரவும், வேப்பமரம், பச்சை கேட்" என்று சேர்த்தோம். ஆர்டர் போட்ட பிறகு மட்டும் தெரியாத நம்பரையும் எடுப்பது, ஓடிபி கேட்டால் சாப்பாடு கையில் வந்த பிறகே சொல்வது என்று பேசிக்கொண்டோம். இன்சுலின் விஷயத்தில் நான் டாக்டர் இல்லை. ஆனால் ஆப் காட்டும் நேரத்தை நம்பி இனி ஊசி போடுவதில்லை, இலையில் சாப்பாடு விழுந்த பிறகுதான் என்று அவர்களே முடிவு செய்துவிட்டார்கள்.

நேற்று ராத்திரி மறுபடியும் இடியாப்பம் வரவழைத்தாராம். வேறு பையன். ஒரு போன்கூடச் செய்யாமல் நேராகக் கேட்டில் வந்து நின்றிருக்கிறான். அக்கா ஆசையாகச் சொம்பில் தண்ணீர் எடுத்துக்கொண்டு வருவதற்குள் "நேரமில்லைம்மா" என்று வண்டியை முறுக்கிக்கொண்டு போய்விட்டானாம். அதிலும் அக்காவுக்குக் கொஞ்சம் வருத்தம்தான்.