பந்து தொய்ந்தால் ஓட்டைதானா?

எங்கள் சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியில் பன்னிரண்டு கால்பந்துகள் இருக்கின்றன. குளிர்காலத்தில் யாராவது ஒன்றைத் தூக்கி வந்து, "அண்ணா, இது ஓட்டை!" என்பார்கள். பெரும்பாலும் அது ஓட்டை இல்லை, குளிர்.

20 பாகை அறையில் 10 பிஎஸ்ஐ காற்றடித்த பந்தை 0 பாகையில் வெளியே வைத்தால், ஒரு துளி காற்றும் போகாமலே அழுத்தம் ஏறக்குறைய 8.3-க்கு இறங்கிவிடும். கால்பந்து விதி கேட்பது குறைந்தது 8.5. ஆகவே பந்தை உள்ளே கொண்டுவந்து, சில மணி நேரம் கழித்து அளக்க வேண்டும்.

இதற்காகத்தான் ஒவ்வொரு பந்திலும் மார்க்கரால் எண் எழுதி, கொப்பியில் எண், தேதி, அழுத்தம், அளந்த இடம் என நான்கே விவரங்கள் குறிக்கிறோம். 7-ஆம் பந்து அதே அறையில் ஒரு வாரத்தில் 10-லிருந்து 6-க்கு வந்தது. (அளக்கும்போதும் கொஞ்சம் காற்று போகும், ஆனால் இவ்வளவு போகாது.)

சவர்க்கார நீர் தடவினோம். குமிழி வால்விலிருந்து வந்தது. உள்ளே இரண்டு துளி சிலிக்கோன் எண்ணெய் விட்டு, ஊசியையும் அதில் நனைத்துச் செருகிக் காற்றடித்தோம். காய்ந்த ஊசிதான் வால்வின் ரப்பரைக் கிழிக்கும். அடுத்த வாரம் 9.5 இருந்தது.

4-ஆம் பந்தில் குமிழி தையலிலிருந்து வந்தது. உள்ளே இருக்கும் பை கிழிந்திருக்கும். தையலைப் பிரித்து ஒட்டுவது எங்களுக்குக் கட்டாது. கொப்பியில் அதன் எண்ணைக் கோடிட்டு அடித்துவிட்டு, வாங்க வேண்டியது ஒன்று என எழுதினோம்.