எழுந்து போகும் வேலைகள்

கணக்குப் பிரிவில் இருப்பவர் ஒரு மாதம் வீட்டிலிருந்து வேலை பார்க்கிறேன் என்று கேட்டால், அவர் ஒழுங்காக வேலை பார்ப்பாரா என்ற கவலை மேலாளருக்கு இரண்டாவதாகத்தான் வரும். கேட்டில் லாரி நிற்கும்போது யார் ஓடுவது, பீரோ சாவி யாரிடம் இருக்கும் என்பதே முதல் கவலை. "நெட் இருக்கு சார், லேப்டாப் இருக்கு சார்" என்று நாம் சொல்வதெல்லாம் அவர் கேட்காத கேள்விக்குப் பதில்.

அப்பாவுக்கு மயிலாடுதுறையில் முழங்கால் மூட்டு மாற்று அறுவை. நான் இருப்பது கோவையில், மோட்டார் பம்பு உதிரிபாகம் செய்யும் கம்பெனி ஒன்றில். கேட்பதற்கு முன் ஒரு வாரம், நாற்காலியை விட்டு எதற்கெல்லாம் எழுகிறேன் என்று ஒரு தாளில் குறித்துக்கொண்டே வந்தேன். உட்கார்ந்தபடி செய்வதை எந்த ஊரிலிருந்தும் செய்யலாம். எழுந்து போய்ச் செய்வதை மட்டுமே இன்னொருவரிடம் ஒப்படைக்க வேண்டும். நீண்ட விடுப்புக்கு எழுதும் ஒப்படைப்புக் குறிப்பில் வேலை முழுவதும் கைமாறும். வீட்டிலிருந்து வேலை பார்க்கும்போது மாறுவது கொஞ்சம்தான். அந்தக் கொஞ்சம் எது என்று துல்லியமாகத் தெரியாவிட்டால் குறிப்பு பத்துப் பக்கம் போகும், மேலாளரும் பயந்துவிடுவார்.

தாளில் மிஞ்சியவை நான்கு: பொருளோடு கேட்டுக்கு வரும் சப்ளையர் பில்கள், சில்லறைக் கணக்குப் பெட்டி, எம்.டி.யின் டிஜிட்டல் கையொப்ப டோக்கன், லாரி கிளம்பும்போது போட வேண்டிய இ-வே பில்.

அடுத்தது தேதி. ஏறக்குறைய எந்த மாதத்தை எடுத்தாலும் 7-ம் தேதி டி.டி.எஸ்., 11-ம் தேதி GSTR-1, 15-ம் தேதி பி.எஃப்., இ.எஸ்.ஐ., 20-ம் தேதி GSTR-3B எல்லாம் ஒருமுறை வந்தே தீரும், தப்ப முடியாது. ஆனால் எது முதலில் வர வேண்டும் என்பது நம் கையில் இருக்கிறது. ஒன்றாம் தேதி கிளம்பினால், புது ஏற்பாடு பழகுவதற்குள் கெடு தேதிகள் வரிசையாக வந்து நிற்கும். 21-ம் தேதி கிளம்பினால் முதல் வாரம் அமைதி. தடுமாற்றம் எல்லாம் அதிலேயே தெரிந்துவிடும். மாதத்தையும் பார்க்க வேண்டும். செப்டம்பரில் ஆடிட் முடிக்கும் அவசரம், அக்டோபர் 31 காலாண்டு டி.டி.எஸ். ரிட்டர்ன். ஆகவே நவம்பர் 21 முதல் டிசம்பர் 20 வரை என்று கேட்டேன். அறுவைத் தேதியை மருத்துவர் நம் வசதிக்கு விட்டதால்தான் இது முடிந்தது. அவசர சிகிச்சை என்றால் இந்தக் கணக்கு எதுவும் உதவாது.

கடிதம் அனுப்பும் முன் சாரிடம் நேரில் சொன்னேன். "ஏம்மா, இ-வே பில்லு நீதான போடறே? லாரிக்காரன் கேட்ல நின்னுட்டு கத்துவானே" என்றார். இதை அவர் வாயால் கேட்க வேண்டும் என்றுதான் காத்திருந்தேன். இ-வே பில் கணினியில் போடுவதுதான், ஊரிலிருந்தே போடலாம். ஆனால் டிசம்பரில் காவிரி டெல்டாவில் புயல் மழை என்றால் மின்சாரம் போய்விடும், லாரி நின்றுவிடும். எனவே அதை ஸ்டோர்ஸ் தம்பிக்குக் கொடுத்தோம். இ-வே தளத்தில் துணைப் பயனர் கணக்கு உருவாக்கும் வசதி இருக்கிறது. அவருடைய சொந்த மொபைல் எண்ணைப் பதிந்தால் ஓ.டி.பி. அவருக்கே போகும். என் பாஸ்வேர்டைச் சீட்டில் எழுதிக் கொடுக்க வேண்டியதில்லை. பல அலுவலகங்களில் சீட்டில்தான் எழுதிக் கொடுக்கிறார்கள். பிறகு தவறான வண்டி எண்ணோடு ஒரு பில் போனால் போட்டது யார் என்று தெரியாது.

டோக்கன் விஷயத்தில் நான் கொஞ்சம் பிடிவாதக்காரி. அது எம்.டி.யின் கையெழுத்து. பின் நம்பரோடு கணக்குப் பிரிவு மேசை டிராயரில் கிடப்பதை எத்தனையோ இடத்தில் பார்த்திருக்கிறேன். 2000-ம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டப்படி அதைத் தன் கட்டுப்பாட்டில் வைத்துக்கொள்ளும் பொறுப்பு அவருடையதுதான். அதனால் திட்டத்தில் இப்படி எழுதினேன்: ரிட்டர்னை நான் தயார் செய்து முந்தின நாள் சுருக்கம் அனுப்புவேன், மறுநாள் காலை பதினொரு மணிக்கு எம்.டி. தன் கணினியில் டோக்கனைச் செருகிக் கையொப்பமிடுவார். கெடு நாளன்று கையொப்பம் வைக்கக் கூடாது, தளம் அன்று நத்தை வேகத்தில் நகரும். எனவே 20-க்கு உரியது 18-லேயே முடியும்.

சில்லறைப் பெட்டியில் பங்காளி ஆகாது. அது முழுக்க ஒருவரிடம்தான் இருக்க வேண்டும். கிளம்பும் நாளில் நோட்டு வாரியாக எண்ணி, புத்தகத்தில் இருப்பு எழுதி, கொடுத்தவரும் வாங்கியவரும் கையெழுத்திட்டோம். "கேஷ் நம்ம பாப்பா பாத்துக்கும்" என்று வாயால் சொல்லிவிட்டுப் போனால், குறையும் முந்நூறு ரூபாய்க்கு இருவருமே பொறுப்பில்லை, அல்லது இருவருமே சந்தேகத்தில்.

கிளம்பும் முன் அலுவலகத்துக்குள்ளேயே ஒத்திகை பார்த்தது எல்லாவற்றையும் விடப் பயன்பட்டது. மாடியில் இருக்கும் மீட்டிங் அறையில் உட்கார்ந்தேன்; கீழே வருவதில்லை, போனும் திரையும் மட்டும். முதல் நாள் காலையிலேயே என் கணினிக்குள் தூரத்திலிருந்து நுழைய முடியவில்லை. இரவு வாட்ச்மேன் அண்ணன் வழக்கம்போல மெயின் சுவிட்சை அணைத்திருந்தார். அவர் மேல் குற்றமில்லை, அதுதான் அவருக்குச் சொல்லப்பட்ட வேலை. என் கணினிக்குத் தனி இணைப்பு கொடுத்து, சுவிட்சில் காகிதம் ஒட்டினோம். இரண்டாவது, பில்லை மொபைலில் படம் பிடித்து அனுப்பினார்கள்; நிழல் விழுந்து ஜி.எஸ்.டி. எண் படிக்க முடியவில்லை. 14-ம் தேதி GSTR-2B வந்ததும் பில்களோடு ஒப்பிட வேண்டும். ஒரு இலக்கம் பிசகினாலும் பொருந்தாது. கேட் முத்திரை குத்திய பிறகு ஸ்கேன் செய்து, சரக்கு வரவுச் சீட்டு எண்ணையே கோப்புக்குப் பெயராக வைப்பது என்று முடிவானது.

கடிதம் ஒரு பக்கத்தைத் தாண்டவில்லை. அப்பாவின் உடல்நிலைக்கு ஒரே வரி. உருக்கமாக எழுதினால் மேலாளருக்கு மறுப்பது சங்கடம் ஆகும், அந்தச் சங்கடத்தில் கொடுத்த அனுமதி பத்தாம் நாள் எரிச்சலாக மாறும். நடுப்பகுதி இது:

"நவம்பர் 21 முதல் டிசம்பர் 20 வரை, காலை 9.30 முதல் மாலை 6 வரை வழக்கமான நேரம். நான்கு வேலைகள் மட்டும் கைமாறுகின்றன. பொறுப்பாளர் பெயரும், அவர் இல்லாவிட்டால் யார் என்பதும் கீழே. மின்சாரம் இரண்டு மணி நேரத்துக்கு மேல் இல்லையென்றால் போனில் தெரிவித்துவிட்டு, பிரவுசிங் சென்டரில் இருந்தோ மறுநாள் காலை முன்கூட்டியோ ஈடு செய்வேன். டிசம்பர் 5-ம் தேதி ஏற்பாடு சரிவரவில்லை என்று நீங்கள் கருதினால், மறுநாள் ஜன சதாப்தியில் கோவை வந்துவிடுவேன்."

இந்தப் பகுதியின் கடைசி வரியைப் படித்துவிட்டுத்தான் சார் பேனாவை எடுத்தார். ஆனாலும் ஒன்று கேட்டார்: "சம்பளத்தன்னிக்கு நேர்ல இரு." பேரம் பேசினோம். சம்பளப் பட்டியலை வங்கித் தளத்தில் ஏற்றுவது நான், ஒப்புதல் தருவது எம்.டி., தன் போனிலேயே. இதற்கு நான் வர வேண்டிய அவசியமில்லை. அதற்குப் பதிலாக மாத நடுவில் இரண்டு நாள் வந்து பெட்டியை எண்ணி, பில் கோப்புகளைச் சரிபார்க்கிறேன் என்றேன். ஒப்புக்கொண்டார். சம்பள விவரத்தை வீட்டு லேப்டாப்பில் இறக்கிக்கொள்ளக் கூடாது, அலுவலகக் கணினிக்குள்ளேயே வேலை முடிய வேண்டும் என்றும் சேர்த்தார். நியாயமான நிபந்தனை; வீட்டில் அறுவை முடிந்தவரைப் பார்க்க உறவினர் வந்துகொண்டே இருப்பார்கள்.

திரும்பிய நாளிலும் ஓர் ஒப்படைப்பு உண்டு, இதைப் பலர் எழுதுவதே இல்லை. பெட்டியை மறுபடி எண்ணிக் கையெழுத்திட்டு வாங்கினேன், தொலைவழிக் கடவுச்சொல்லை மாற்றினேன். ஸ்டோர்ஸ் தம்பியின் இ-வே கணக்கை முடக்கலாமா என்று சாரிடம் கேட்டேன். "எதுக்கு? அவனே போடட்டும், கேட்டு பக்கத்துலதான இருக்கான்" என்றார்.