முதலாளி பேரிலா, கம்பெனி பேரிலா?

கோயம்புத்தூரில் சின்ன இன்ஜினியரிங் கம்பெனிகளுக்கு லிங்க்ட்இன் வேலை பார்த்துக் கொடுப்பது என் பிழைப்பு. புதிதாக வருகிற முதலாளிகள் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் பேச்சை ஆரம்பிப்பார்கள்: "கம்பெனி பேஜ் ஒண்ணு ஜம்முனு பண்ணிக் குடுத்துருங்க. என் பேரெல்லாம் எதுக்குங்க?" அதில் பாதி தன்னடக்கம், மீதி பயம். சொந்தப் பேரில் எழுத ஆரம்பித்தால், "ஆர்டர் இல்லாம உட்கார்ந்திருக்கான் போல" என்று தெரிந்த வட்டாரத்தில் பேசுவார்களே என்கிற பயம்.

நான் அனேகமாக அவர்கள் பேரில்தான் எழுதச் சொல்வேன். எல்லோருக்கும் அப்படிச் சொல்வதில்லை. எதை வைத்துச் சொல்கிறேன் என்பதற்கு ஒரு ஃபவுண்டரியின் கதை பொருத்தமாக இருக்கும்.

கணபதிப் பக்கம் உள்ள ஃபவுண்டரி அது. அண்ணன் தம்பி இருவரும் நடத்துகிறார்கள். பம்ப் கேசிங், இம்பெல்லர் வார்த்துக் கொடுப்பதுதான் முக்கியமான வேலை. இவர்களிடம் வாங்கக் கூடியவர்கள் ஊரெல்லாம் இல்லை. பம்ப் கம்பெனிகளில் பர்சேஸ் பார்க்கிறவர்களும் குவாலிட்டி பார்க்கிறவர்களும் எல்லாம் சேர்த்தாலும் சில நூறு பேர். அந்தச் சில நூறு பேரில் ஒருவர், பழைய சப்ளையர் காலை வாருகிற அன்றைக்கு இவர்களை நினைக்க வேண்டும். வேலை அவ்வளவுதான்.

ஒருநாள் மெஷின் ஷாப்பிலிருந்து ஒரு கேசிங் திரும்பி வந்தது. லேத்தில் ஏற்றி மேல்தோலைச் சீவியதும் உள்ளே குழிகுழியாக ப்ளோஹோல். மோல்டிங் மணலில் ஈரம் ஏறிவிட்டிருந்தது. பச்சை மணலில் ஈரம் 3, 4 சதவீதத்துக்குள் இருந்தால் நல்லது. கூடிவிட்டால், உருக்கிய இரும்பு பட்டதும் கிளம்புகிற ஆவி வெளியே போக வழியில்லாமல் வார்ப்புக்குள்ளேயே குமிழாக நின்றுவிடும். மேலே பார்த்தால் ஒன்றும் தெரியாது, சீவினால்தான் தெரியும். அண்ணன் தம்பியில் பெரியவர் அந்தக் கேசிங்கைக் கையில் வைத்துப் படம் எடுத்து எனக்கு அனுப்பினார்.

அந்தப் படத்தைக் கம்பெனி பேஜில் போட்டால் என்ன எழுதுவது என்று யோசித்துப் பாருங்கள். "எங்கள் வார்ப்பில் குறை வந்தது" என்று ஒரு கம்பெனியின் லோகோவுக்குப் பக்கத்தில் எழுதினால் அது புகாருக்குக் கொடுத்த பதில் மாதிரி இருக்கும். வாங்குகிறவர் மிரண்டுபோவார். ஆகவே பேஜில் வந்தது வேறு படம், பெயின்ட் அடித்துப் பளபளவென்று அடுக்கிய கேசிங்குகள், மேலே தரத்தைப் பற்றி ஒரு வாக்கியம். லைக் போட்டவர்கள் அவர்கள் ஆபீஸில் வேலை செய்கிறவர்கள், பெரியவரின் மைத்துனர், அப்புறம் பக்கத்துத் தெரு போட்டி ஃபவுண்டரிக்காரர்.

குழி விழுந்த படம் பெரியவர் பேரில் போனது. எழுத்தும் அவருடையதுதான்: மழைக்காலத்தில் மணல் எப்படி ஏமாற்றும், அன்றைக்கு மல்லர் ஓட்டியவர் கைப்பிடியில் அழுத்திப் பார்த்தே ஈரத்தை மதிப்பிட்டுவிட்டார், இனி ஒவ்வொரு ஷிஃப்டிலும் அளந்து எழுத வேண்டும் என்று முடிவு செய்தது. ராஜ்கோட்டிலிருந்து ஒரு குவாலிட்டிக்காரர், மணல் காற்றை விடுகிறதா என்று பெர்மியபிலிட்டி பார்த்தீர்களா என்று கேட்டார். பெரியவர் ராத்திரி உட்கார்ந்து, மணல் டெஸ்ட் ரிஜிஸ்டரின் ஒரு பக்கத்தைப் படம் எடுத்துப் பதிலாகப் போட்டார். அந்த ராஜ்கோட்காரர் கடைசிவரை எதுவும் வாங்கவில்லை. ஆனால் இந்தப் பேச்சை ஓரமாக நின்று படித்துக்கொண்டிருந்த வேறொரு பர்சேஸ் மேனேஜர், அதுவரை ஒரு லைக்கூடப் போடாதவர், ஒரு டிராயிங்கை அனுப்பி சாம்பிளுக்கு ரேட் கேட்டார்.

இது பெரியவரின் எழுத்துக்கு மட்டும் கிடைத்த பலன் இல்லை, லிங்க்ட்இன் அமைந்திருக்கிற விதமும் அதில் உண்டு. தனி ஆளின் பதிவில் ஒருவர் கமென்ட் போட்டால், அது அவரைத் தெரிந்தவர்களின் கண்ணிலும் படும். அங்கிருந்து படிக்க வருகிறவரை முதலாளியே கூப்பிட்டு கனெக்ஷனில் சேர்த்துக்கொள்ளலாம். 30,000 பேர் வரை இடம் உண்டு, சின்ன ஃபவுண்டரிக்கு அது ஆயுசுக்கும் போதும். கம்பெனி பேஜ் யாருக்கும் கனெக்ஷன் கேட்டு அனுப்ப முடியாது. யாராவது தானாக வந்து மெசேஜ் அனுப்பினால் பதில் சொல்லலாம், தானாகப் போய்ப் பேச்சை ஆரம்பிக்க முடியாது. வாங்குகிறவர் சில நூறு பேராக இருக்கிற தொழிலில், போய்க் கதவைத் தட்ட முடியாத கணக்கை முன்னால் நிறுத்துவதில் அர்த்தமில்லை.

ஆனால் இதற்கு ஒரு நிபந்தனை உண்டு, கமென்டுக்கு முதலாளியே பதில் சொல்ல வேண்டும். பதிவு எழுதுவதில் நான் உதவலாம். பெரியவர் ஷாப் ஃப்ளோரில் நடந்துகொண்டே வாட்ஸ்அப்பில் வாய்ஸ் நோட் அனுப்புவார், பின்னால் ஃபர்னஸ் சத்தம் கேட்கும். அவர் சொன்ன சொல்லை மாற்றாமல் வரிசைப்படுத்தி அனுப்புவேன், அவரே தன் போனிலிருந்து போடுவார். கமென்ட் பக்கம் நான் போவதே இல்லை. முதலாளி பேரில் ஆள் வைத்து எழுதுகிற கணக்குகள் மாட்டிக்கொள்வது அங்கேதான். பதிவு ஐந்து பத்திக்கு அனுபவத்தைக் கொட்டியிருக்கும், கீழே ஒருவர் உருப்படியாக ஒரு கேள்வி கேட்டால், "தங்கள் மேலான கருத்துக்கு நன்றி சார்" என்று பதில் வரும். விஷயம் தெரிந்தவர் அதைப் பார்த்த நிமிஷமே விலகிவிடுவார். பதில் சொல்ல நேரமில்லை, மனசும் இல்லை என்கிற முதலாளியிடம் நானே பேஜ் போதும் என்று சொல்லிவிடுவேன்.

அதற்காகப் பேஜைக் கைவிடக் கூடாது. ராத்திரி பெரியவர் எழுதியதைப் படித்து மதித்தவர், காலையில் ஆபீசுக்குப் போய் வெண்டார் லிஸ்டில் சேர்க்க வேண்டும் என்றால் கம்பெனி பேரைத் தேடித்தான் பார்ப்பார். அங்கே கடைசிப் பதிவு இரண்டு வருஷத்துக்கு முந்தைய ஆயுதபூஜை வாழ்த்தாக இருந்தால், கம்பெனி ஓடுகிறதா என்றே சந்தேகம் வரும். ஆகவே பேஜுக்கு மாதம் ஒன்றிரண்டு போதும், ஆனால் நிற்கக் கூடாது. புது மெஷின், சர்டிஃபிகேட், வேலைக்கு ஆள் தேவை, கண்காட்சியில் ஸ்டால் எண் என்று யார் சொன்னாலும் ஒன்றாக இருக்கிற செய்திகள் அங்கே போகட்டும்.

சின்ன விஷயம் ஒன்று, பலர் கோட்டை விடுகிற இடம். முதலாளி தன் புரொஃபைலில் வேலை அனுபவத்தை நிரப்பும்போது கம்பெனி பேரை முழுதாக டைப் செய்துவிட்டுப் போய்விடுவார். கீழே வருகிற பட்டியலிலிருந்து தன் பேஜைத் தொட்டுத் தேர்ந்தெடுத்தால்தான் இரண்டும் இணையும். லோகோ இருக்க வேண்டிய இடத்தில் சாம்பல் நிறத்தில் வெறும் கட்டிடப் படம் நின்றால் இணையவில்லை என்று அர்த்தம். பெரியவர் எவ்வளவு எழுதினாலும் அங்கிருந்து ஒருவரும் கம்பெனி பக்கம் வந்து சேரமாட்டார்.

இதெல்லாம் ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்தபோது தம்பி ஒருநாள் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "ஏனுங்க, வெளியூர்ல இருந்து வர்றவங்கெல்லாம் அண்ணனத்தான் கேக்கறாங்க. நா இங்க வேலைக்கு இருக்கறனா, பங்காளியான்னு ஒருத்தருக்கும் தெரியமாட்டேங்குது." சிரித்துக்கொண்டேதான் சொன்னார். மெல்ட்டிங், மோல்டிங் முழுக்க அவர் பொறுப்பு. மணல் ரிஜிஸ்டரை ஆரம்பித்ததே அவர்தான். நிறுவனர் பேரில் பேசுவது பலன் தருகிறது என்று சொல்லும்போது, எந்த நிறுவனர் என்று யாரும் கேட்பதில்லை. குடும்பக் கம்பெனியில் இது அடுப்படி வரைக்கும் போகிற விஷயம். அதற்காகப் பேஜைக் குரலாக்கினால் இருவர் முகமும் மறைந்துபோகும், வாங்குகிறவரும் போய்விடுவார். ஆகவே டெக்னிக்கல் விஷயங்களைத் தம்பி தன் கணக்கில் எழுதினார். விலை, டெலிவரி, தொழில் நிலவரம் அண்ணனுக்கு. ஒருவர் பதிவில் வருகிற கேள்விக்கு மற்றவர் வந்து பதில் சொல்வார். கம்பெனியில் இரண்டு பேர் பொறுப்பில் இருக்கிறார்கள் என்பது பார்க்கிறவருக்குத் தானாகவே விளங்கிவிட்டது.

முதலாளி கம்பெனியை விட்டுப் போனால் என்ன ஆகும் என்பது இதைவிடக் கனமான கேள்வி. அமெரிக்காவில் ஈகிள் எதிர் மோர்கன் என்றொரு வழக்கு நடந்தது. எட்காம் என்ற பயிற்சி நிறுவனத்தைத் தொடங்கியவர்களில் ஒருவர் லிண்டா ஈகிள். 2010இல் நிறுவனம் கைமாறியது, 2011 ஜூனில் புது நிர்வாகம் அவரை வெளியே அனுப்பியது. அவருடைய லிங்க்ட்இன் கணக்கைப் பார்த்துக்கொள்ள ஆபீஸ் ஆட்களிடம் அவரே பாஸ்வேர்டைக் கொடுத்து வைத்திருந்தார். அவர்கள் பாஸ்வேர்டை மாற்றி, புதிதாகப் பொறுப்பேற்றவரின் பெயரையும் படத்தையும் அதே கணக்கில் போட்டுவிட்டார்கள். ஈகிள் வாங்கிய விருதுகள் கீழே அப்படியே நின்றன. சில வாரங்களில் கணக்கு அவரிடம் திரும்பியது. 2013இல் பென்சில்வேனியாவில் உள்ள ஃபெடரல் நீதிமன்றம் அவர் பெயரை அனுமதியில்லாமல் பயன்படுத்தியது தவறு என்றது. ஆனால் நஷ்டம் இவ்வளவு என்று அவரால் நிரூபிக்க முடியாததால் இழப்பீடாக ஒரு காசும் கிடைக்கவில்லை.

இந்தக் கதையை எல்லா முதலாளியிடமும் சொல்வேன், இரண்டு காரணத்துக்காக. பாஸ்வேர்டை யாரிடமும் கொடுக்காதீர்கள், என்னிடமும்தான். புரொஃபைல் ஒரு மனிதருக்கு உரியது, லிங்க்ட்இன் விதியும் அப்படித்தான் சொல்கிறது. அடுத்தது, நாலைந்து வருஷத்தில் கம்பெனியை விற்கிற யோசனை இருந்தால் என் ஆலோசனை அப்படியே தலைகீழாகும். வாங்குகிறவர் மெஷினை வாங்கலாம், பேஜை வாங்கலாம், உங்கள் புரொஃபைலை வாங்க முடியாது. அப்படிப்பட்டவரிடம் பேஜையே பிரதானமாக வைத்து, இன்ஜினியர்களின் பேரைப் போட்டு அங்கே எழுதச் சொல்கிறேன். மெதுவாகத்தான் வளரும், ஆனால் விற்கும்போது அது கூடவே போகும்.

செக்கு எண்ணெயோ முறுக்கோ விற்கிறவர் வந்தால் நான் இவ்வளவு யோசிப்பதில்லை. வாங்குகிறவர்கள் ஆயிரக்கணக்கில், இடம் ஃபேஸ்புக்கும் இன்ஸ்டாகிராமும். ஃபேஸ்புக் சொந்தக் கணக்கில் 5,000 நண்பர்களோடு கதவு மூடிவிடும். அதை முக்கியமாக வியாபாரத்துக்கே பயன்படுத்துவது அவர்கள் விதிக்கு விரோதம் என்பதால் கணக்கே ஒருநாள் காணாமல் போகலாம். விளம்பரம் ஓட்டவும் பேஜ் வேண்டும். அங்கே கணக்கு பிராண்டு பேரில்தான் இருக்க வேண்டும், வீடியோவில் முகமும் குரலும் முதலாளியுடையதாக இருந்தால் போதும்.

எந்தப் பக்கம் முடிவு செய்தாலும் பேஜைத் திறந்து கொடுத்தது யார் என்று முதலில் கேட்டுவிடுகிறேன். பாதி இடங்களில் "டிசைன் பண்ற பையன் ஒருத்தன் பண்ணிக் குடுத்தானுங்க, இப்ப பெங்களூர் போயிட்டான்" என்று பதில் வரும். பேஜின் சூப்பர் அட்மின் அவன் மட்டும்தான். அவனைத் தேடிப் பிடித்து, முதலாளியைச் சூப்பர் அட்மினாகச் சேர்த்துவிட்டு, அதன்பிறகு அவன் பேரை எடுக்க வேண்டும். எழுதுகிற வேலையெல்லாம் அதற்குப் பிறகுதான்.