பிறை தெரியல, லீவும் நகர்ந்துச்சு

2024 செப்டம்பர் 16, திங்கக்கிழமை. பட்டா விஷயமா தாலுகா ஆபீஸ் போகணும்னு இருந்தேன். சென்னையிலிருந்து மகன் போன்ல, "அன்னைக்கு மிலாடி நபி, லீவுப்பா. நெட்டுல பாத்துட்டேன்"ங்கான்.

டீக்கடையில மேலப்பாளையத்து அண்ணாச்சி ஒருத்தர், "பிறை தெரியலயே, 17-ந்தேதில்லா"ன்னாவ.

மகன் பார்த்தது பொய்யில்லை, பழசு. மறு வருஷத்து விடுமுறைப் பட்டியலை அரசு முந்தின வருஷக் கடைசியிலேயே அரசாணையா போட்டுரும். பிறை எப்போ தெரியும்னு அப்போ யாருக்குத் தெரியும்? கணக்குப்படி 16-ன்னு போட்டாங்க. காலண்டர் தளங்கள் அதை எடுத்துப் போட்டதோட சரி. தலைமை காஜி 17-ன்னு அறிவிச்சதும் அரசு விடுமுறையை 17-க்கு மாத்திட்டு.

அதனால இப்போ tn.gov.in-ல அரசாணைகள் பகுதிக்குப் போய் பொதுத் துறையோடதைப் பார்ப்பேன். பட்டியல் மட்டும் போதாது, அதுக்குப் பிறகு திருத்தம் வந்திருக்கான்னும் தேடணும். ரெண்டும் முரண்பட்டா பிந்தின தேதியிட்டதுதான் செல்லும். வாட்சப்புல வர்ற படத்துல அரசாணை எண்ணும் நாளும் இல்லைன்னா நான் சீண்டுறதில்லை.

நெல்லையப்பர் ஆனித் தேருக்கு விடுற உள்ளூர் விடுமுறை அந்தப் பட்டியல்ல இருக்காது. அது மாவட்ட ஆட்சியர் அறிவிப்பு. அதைக் கடைசி வரைக்கும் வாசிக்கணும். 1881-ஆம் வருஷத்துச் செலாவணி முறிச் சட்டத்தின் கீழ் வராதுன்னு ஒரு வரி இருந்தா, பள்ளிக்கூடம் லீவு, பேங்க் திறந்திருக்கும். ஈடுகட்ட எந்தச் சனிக்கிழமை வேலைநாள்ங்கறதும் அதுலயே இருக்கும்.

அந்த 16-ந்தேதி தாலுகா ஆபீஸ் போனேன். திறந்துதான் இருந்துச்சு.