கல்லிவல்லி

டெய்ரா, துபாய்

அன்புள்ள தம்பிக்கு,

அண்ணன் எழுதுவது. எங்கள் அர்பாப் வாய்க்கு வாய் சொல்கிற அந்தச் சொல்லுக்கு என்ன அர்த்தம் என்று கேட்டிருந்தாய், போனில் சொன்னால் நீ சிரித்துவிட்டு மறந்துவிடுவாய், வரப்பு விஷயமும் கேட்டிருப்பதால் இரண்டையும் சேர்த்து எழுதலாம் என்று லீவு நாளில் உட்கார்ந்திருக்கிறேன்.

அர்பாப் என்றால் முதலாளி, இங்கே நம்மைப் போல வந்தவர்கள் எல்லாரும் அப்படித்தான் கூப்பிடுவோம். அவர் சொல்கிற சொல் ‘கல்லிவல்லி’. அரபியில் ‘கல்லி’ என்றால் விடு, ‘யுவல்லி’ என்றால் அவன் போய்த் தொலையட்டும், இரண்டும் ஒட்டிக்கொண்டு இப்படி ஆகிவிட்டது, பெண்ணைப் பற்றியென்றால் அரபிகள் ‘கல்லிஹா துவல்லி’ என்று மாற்றிச் சொல்வார்கள், மலையாளி, பட்டாணி, வங்காளி, நாம் என்று எல்லாருமாகச் சேர்ந்து பேசுகிற உடைந்த அரபியில் ஆண் பெண் வித்தியாசம் ஏது, லாரி போனாலும் கல்லிவல்லி, சம்பளம் போனாலும் கல்லிவல்லி. நம் ஊரில் ‘விட்டுத் தள்ளு’ என்போமே, ஏறக்குறைய அதுதான்.

இப்போதைய அர்பாபின் அப்பா, பெரியவர், கடைக்கு வந்துகொண்டிருந்த காலத்தில் காலையில் குடோன் கதவைத் திறந்ததும் முதலில் கஹ்வாதான். லேசாக வறுத்த காப்பிக்கொட்டையை ஏலக்காயோடு கொதிக்கவைத்த மஞ்சள் நிறத் தண்ணீர், சர்க்கரை கிடையாது, ஒரு பேரீச்சம்பழத்தைக் கடித்துக்கொண்டு குடிக்க வேண்டும், பிடியில்லாத சின்னக் கிண்ணத்தில் பாதிக்கும் குறைவாக ஊற்றித் தருவார், போதும் என்றால் கிண்ணத்தை லேசாக ஆட்டிக் காட்ட வேண்டும், காட்டாவிட்டால் ஊற்றிக்கொண்டே இருப்பார். அவருடைய அப்பா பாய்மரக்கப்பலில் பம்பாய்க்குப் போய்வந்தவராம், 1966 வரைக்கும் இந்த ஊரிலும் நம் ரூபாய்தான் செலாவணி என்று சொல்லுவார், பெரியவர் எங்களோடு பேசுகிற இந்தி அப்படி வந்ததுதான். ஒருமுறை வெயில் காலத்தில் ஒரு லோடு பழம் வந்து இறங்கியது, பெட்டிகளின் அடி அட்டை ஈரமாகிக் கறுத்திருந்தது, பிரித்தால் பழத்தின்மேல் சின்னச் சின்னக் குமிழி, ஒன்றைக் கிள்ளியதும் கள்ளு வாடை. பெரியவர் முகர்ந்து பார்த்தார், நாங்கள் யார் சம்பளத்தில் கைவைப்பாரோ என்று நின்றுகொண்டிருந்தோம், அவர் கையைத் தட்டிவிட்டுக்கொண்டு ‘கல்லிவல்லி’ என்றார், எல்லாருக்கும் கஹ்வா ஊற்றச் சொன்னார். போனது அவர் காசு.

அந்த ஏலக்காய் வாசனைக்கு எனக்கு வேறொரு முகவரியும் உண்டு, நம் அப்பத்தாவின் சுருக்குப் பை. புகையிலை, கிராம்பு, எப்போதோ உரித்த ஏலக்காயின் வெறுந்தோல், ரெண்டு சில்லறைக்காசு, எல்லாம் ஒன்றாகக் கிடந்து ஊறிய அந்த வாசனை, பல் போன பிறகு வெற்றிலையை இரும்பு உரலில் போட்டு டொக்கு டொக்கென்று இடித்துக்கொண்டு திண்ணையில் இருப்பாளே, அந்தச் சாயங்கால வெளிச்சத்தோடுதான் எனக்கு ஞாபகம் வரும். கைமாத்து வாங்கிய நெல்லை எதிர்வீட்டார் திருப்பித் தரவில்லை என்று அப்பா குதித்தபோது, இடிப்பதை நிறுத்தாமல், ‘போனாப் போகுது விடுடா, நாந்தானே குடுத்தேன்’ என்றாள். ஆனால் அம்மாவின் ஒற்றைத் தோடு தொலைந்துபோனதே, நீ சின்னப்பிள்ளை, உனக்கு ஞாபகம் இருக்காது, அம்மாவே போகட்டும் என்று விட்ட பிறகும் அப்பத்தா விடவில்லை, அடுப்புச் சாம்பலையும் வாசல் குப்பையையும் சல்லடையில் போட்டுச் சலித்து, ராத்திரி அரிக்கேன் விளக்கை வைத்துக்கொண்டு தொழுவம் வரைக்கும் தேடினாள். ‘அவ அப்பன் வீட்டு நகை, அதப் போனாப் போகுதுன்னு சொல்ல நான் யாரு?’ என்று கேட்டாள். தோடு கிடைக்கவில்லை.

இங்கே அந்தச் சொல்லுக்கு இன்னொரு பொருளும் இருக்கிறது, கடையில் கேட்கமாட்டாய், சோனாப்பூர் பக்கம் கேம்பில் கேட்பாய், அங்கே ‘அவன் கல்லிவல்லி’ என்றால் பேப்பர் இல்லாத ஆள் என்று அர்த்தம். நான் முதலில் தங்கிய கேம்பில் பரமக்குடிக்காரர் ஒருவர் பக்கத்துக் கட்டிலில் இருந்தார், அவர் கம்பெனியில் மாதக்கணக்கில் சம்பளம் வரவில்லை, போய்க் கேட்டால் மேனேஜர் முகத்தைத் திருப்பிக்கொண்டு கல்லிவல்லி என்பானாம், பொறுத்துப் பார்த்துவிட்டு ஒருநாள் வெளியே இறங்கிவிட்டார். தொடர்ந்து ஏழு நாளுக்கு மேல் வேலைக்கு வராவிட்டால் ஓடிப்போனவன் என்று முதலாளி புகார் கொடுக்கலாம், கொடுத்தாயிற்று, பாஸ்போர்ட் அவர்களிடம், விசா கேன்சல். அதன் பிறகு அன்றாடக் கூலிதான், கையில் கொடுத்ததை வாங்கிக்கொள்ள வேண்டும், குறைந்தால் கேட்க முடியாது, பேங்க் கணக்கு கிடையாது, ஊருக்கு அனுப்பும் பணம் என்னைப் போன்றவர் பெயரில் போகும், பல்வலி வந்தால்கூட ஆஸ்பத்திரிக்குப் போகப் பயம், வண்டிச் சத்தம் கேட்டால் படுத்த இடத்திலிருந்து எழுந்து உட்கார்ந்துவிடுவார். அபராதம் வேறு நாளுக்கு நாள் ஏறும், இப்போதெல்லாம் ஒரு நாளைக்கு 50 திர்ஹம். 2018இல் அரசாங்கம் பொதுமன்னிப்பு அறிவித்தபோது அபராதம் கட்டாமல் ஊர் போய்ச் சேர்ந்தார், நான்தான் ஏர்போர்ட் வரை போனேன், வராத அந்தச் சம்பளத்தைப் பற்றிக் கேட்டேன், ‘கல்லிவல்லி தம்பி’ என்று சிரித்தார். அவர் சொன்னது வேறு, அந்த மேனேஜர் சொன்னது வேறு.

இப்போது பெரியவர் கடைக்கு வருவதில்லை, மகன்தான் பார்க்கிறார், நல்லவர்தான், சம்பளம் தேதி தவறாமல் பேங்கில் விழுகிறது, ஆனால் கரி நெருப்பில் பகூர் போட்டுப் புகை காட்டிய இடத்தில் கரண்டில் ஓடும் தட்டு வந்துவிட்டது, புகை வருகிறது, கரி வாசனை இல்லை, கஹ்வாவும் ஃபிளாஸ்கில் வெளியிலிருந்து வருகிறது. அவரும் கல்லிவல்லி சொல்கிறார், போனைப் பார்த்துக்கொண்டே சொல்கிறார். போன வாரம் வங்காளிப் பையன் ஒருவன் தங்கச்சி கல்யாணத்துக்கு லீவு கேட்டான், சீசன் முடியட்டும், கல்லிவல்லி என்றார், பையன் தலையாட்டிவிட்டுப் பெட்டி அடுக்கப் போய்விட்டான்.

ஆகையால் அர்த்தத்தை நான் இப்படித்தான் புரிந்துவைத்திருக்கிறேன், இழந்தவன் சொன்னால் அது பெருந்தன்மை, இழக்கவைத்தவன் சொன்னால் அதே சொல் அடாவடி.

வரப்பை மேலத்தோட்டத்தார் தள்ளிப் போட்டதில் தென்னைமரம் ரெண்டு அந்தப் பக்கம் போய்விட்டது, விட்டுவிடலாமா என்று கேட்டிருக்கிறாய். பட்டாவில் என் பெயர் இருக்கிறதுதான், ஆனால் அந்தக் கன்றுகளுக்குக் குடம் குடமாகத் தண்ணீர் சுமந்தவன் நீ, விடு என்று இங்கே இருந்துகொண்டு நான் சொல்வது முறையில்லை. சர்வேயரை வைத்து அளக்கப் பணம் கட்டு, அளந்த பிறகு விடுவதா வேண்டாமா என்று நீயே முடிவு செய். என் சார்பில் கையெழுத்துப் போட உனக்குப் பவர் எழுதி, கான்சலேட்டில் அட்டெஸ்ட் செய்து அனுப்புகிறேன், அது வந்து சேர்ந்த நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் அங்கே முத்திரைத்தீர்வை கட்டியாக வேண்டும், தள்ளிப்போடாதே.

அம்மாவிடம் கேட்டதாகச் சொல்.

இப்படிக்கு,
உன் அண்ணன்